நுகர்வோர் புகாருக்கான பிரமாண வாக்குமூலம்: எதை எழுதுவது, எப்படி எளிமையாக எழுதுவது

நுகர்வோர் புகார் கொடுக்கும்போது மனுவோடு சேர்த்து ஒரு பிரமாண வாக்குமூலமும் கேட்பார்கள். பேச்சில் அஃபிடவிட் என்று சொல்வது இதைத்தான். முதல் தடவை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புகார் மனுவை அப்படியே எடுத்து, மேலே "நான் சத்தியப் பிரமாணமாகக் கூறுவது யாதெனில்" என்று ஒரு வரி சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மனுவில் இருக்கும் கோபம், வாதம், சட்டப் பிரிவுகள் எல்லாமே சத்தியத்தின் கீழ் வந்துவிடும். அதில் பாதியை அவர்களால் சத்தியமாகச் சொல்லவே முடியாது.

மனுவும் வாக்குமூலமும் செய்யும் வேலை வேறு வேறு. நடந்தது ஏன் தவறு, அதற்கு என்ன நிவாரணம் வேண்டும் என்று கேட்பது மனு. வாக்குமூலம் சாட்சி சொல்கிறது. நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதைத் தாளில் எழுதித் தருகிறீர்கள். நுகர்வோர் வழக்குகளை விரைவாக முடிக்க வேண்டும் என்பதால், ஆளை நேரில் நிறுத்தி விசாரிப்பதற்குப் பதிலாக இந்தத் தாளையே சாட்சியமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38(6) பிரிவில் இதை நேராகவே சொல்கிறது: புகார்கள் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணச் சான்றுகளையும் வைத்தே விசாரிக்கப்படும். ஆகவே நீங்கள் எழுதாமல் விட்டதை வாயால் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதேபோல, மிகையாக எழுதிய ஒரு வரியை அந்த நேரத்தில் சமாளித்துப் பேசிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம்.

ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதிப் பார்ப்போம். ஒரு பெண் வாஷிங் மெஷின் வாங்குகிறார். இரண்டு வாரத்தில் அடியில் தண்ணீர் ஒழுகுகிறது. முதலில் வந்த மெக்கானிக் கதவு ரப்பர் போய்விட்டது என்று சொல்லி, பிறகு ஒருநாள் வந்து அதை மாற்றுகிறார். மறுநாளே மறுபடி ஒழுகுகிறது. அடுத்து வந்த இன்னொரு மெக்கானிக் உள்ளே உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல் இருப்பதைக் காட்டுகிறார், தயாரிப்பிலேயே வந்த கோளாறாகத்தான் இருக்கும் என்று வாய்மொழியாகச் சொல்கிறார். ஆனால் ஒரு வாரம் கழித்து, வெளியிலிருந்து அடிபட்டதால் வந்த சேதம் இது, வாரண்டியில் வராது என்று கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. வழக்கு இவ்வளவுதான். பெரும்பாலான நுகர்வோர் வழக்குகள் இப்படித்தான் இருக்கும்: பெரிய மர்மம் எதுவும் இருக்காது, ஆனால் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதில்தான் சண்டை.

எழுதும் முன் ஒரு பட்டியல்

எழுத உட்காரும் முன் கையில் உள்ள காகிதங்களையும் செய்திகளையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். ரசீது, வாரண்டி அட்டை, டெலிவரி சீட்டு, மெக்கானிக் எழுதிக் கொடுத்த சர்வீஸ் சீட்டுகள், புகார் எண் வந்த குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள், படங்கள். அப்புறம் ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் என்ன நடந்தது, மூன்றாவதில் அது உங்களுக்கு எப்படித் தெரியும், நான்காவதில் அதற்கு என்ன காகிதம் இருக்கிறது.

மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முழு வாக்குமூலமும் நிற்பது அதன்மேல்தான். நம் வழக்கில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது ஒரு விஷயம் வெளியே வருகிறது. முதல் மெக்கானிக் மார்ச் 6ஆம் தேதி வந்தபோது மெஷின் வாங்கிய பெண் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது அவருடைய கணவர். "கதவு ரப்பர் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார்" என்று அந்தப் பெண் எழுதினால், அவர் காதால் கேட்காத ஒன்றைக் கேட்டதாகச் சத்தியம் செய்கிறார் என்று ஆகிவிடும். எதிர்தரப்புக்கு அந்தத் தேதியில் அவர் அலுவலகத்தில் இருந்தது தெரிந்தால் போதும், அந்த ஒரு வரியை வைத்து மற்ற வரிகளையும் சந்தேகிக்கச் சொல்வார்கள்.

இதற்கு வழி சுலபம். கணவர் பார்த்ததையும் கேட்டதையும் அவரே ஒரு தனி வாக்குமூலமாகக் கொடுக்கலாம். ஒரு பக்கம் போதும், அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும். மனைவியின் வாக்குமூலத்தில் "அன்று நான் வீட்டில் இல்லை. நடந்ததை மாலையில் என் கணவர் எனக்குச் சொன்னார். அவர் தனியாக வாக்குமூலம் அளித்துள்ளார்" என்று இருந்தால் கதையும் தொடர்ச்சியாக வரும், யாரும் தெரியாததைச் சொன்னதாகவும் ஆகாது.

பார்த்தது, கேட்டது, நினைப்பது

பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு செய்தியையும் மூன்றில் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். நீங்களே பார்த்தது அல்லது செய்தது ஒன்று. இன்னொருவர் சொல்லிக் கேட்டது இரண்டாவது. நீங்களாக ஊகித்தது மூன்றாவது. இந்தியாவில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 19ஆவது கட்டளை, 3ஆவது விதி வாக்குமூலத்தில் ஒருவர் தன் சொந்த அறிவால் நிரூபிக்கக்கூடியவற்றை மட்டுமே பொதுவாக எழுத வேண்டும் என்கிறது. இங்கிலாந்து விதிகளோ, எது சொந்த அறிவு, எது பிறர் சொல்லித் தெரிந்தது அல்லது நம்புவது என்று பிரித்துக் காட்டி, அது எங்கிருந்து தெரிந்தது என்றும் எழுதச் சொல்கின்றன. ஊருக்கு ஊர் விதி மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: படிக்கிறவர் "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் அதற்குப் பதில் அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

நம் வழக்கின் மிக முக்கியமான நாள் மார்ச் 21. இரண்டாவது மெக்கானிக் வந்த நாள். புதிதாக எழுதுகிறவர் அதை இப்படி எழுதுவார்:

"எதிர்தரப்பினர் தயாரிப்புக் குறைபாடுள்ள மெஷினை வேண்டுமென்றே எனக்கு விற்று ஏமாற்றியது 21-03-2025 அன்று அவர்களுடைய மெக்கானிக்காலேயே உறுதிசெய்யப்பட்டது."

இந்த ஒரு வாக்கியத்தில் நான்கு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. குறைபாடு தயாரிப்பில் வந்தது என்பது நிபுணர் சொல்ல வேண்டிய கருத்து. வேண்டுமென்றே விற்றார்கள் என்பது இன்னொருவர் மனதுக்குள் இருப்பது, அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஏமாற்று என்பது தீர்ப்பு. உறுதிசெய்யப்பட்டது என்பது மெக்கானிக் சொன்ன ஒரு வாக்கியத்தின் மிகை. உண்மையில் அன்று நடந்தது எதுவும் இந்த வரியில் இல்லை. அதே நாளை இப்படி எழுதிப் பாருங்கள்:

"9. 21-03-2025 காலை சுமார் 11 மணிக்கு எதிர்தரப்பு நிறுவனத்தின் மெக்கானிக் என் வீட்டுக்கு வந்தார். அப்போது நான் வீட்டில் இருந்தேன். அவர் மெஷினின் பின்பக்க மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே காட்டினார். உள்ளே உள்ள பிளாஸ்டிக் தொட்டியின் அடிப்பக்கத்தில் ஏறக்குறைய என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல் இருந்ததை நான் பார்த்தேன். அதை என் கைபேசியில் படம் எடுத்தேன். அந்தப் படம் 6ஆவது ஆவணம்.

10. 'இது தயாரிப்பிலேயே வந்த விரிசலாகத்தான் இருக்கும்' என்று அந்த மெக்கானிக் என்னிடம் சொன்னார். அதைச் சர்வீஸ் சீட்டில் எழுதித் தரும்படி நான் கேட்டேன். அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதுவதாகச் சொன்னார். அவர் என்னிடம் கொடுத்த சர்வீஸ் சீட்டில் 'தொட்டியில் கசிவு' என்று மட்டும் உள்ளது. அது 7ஆவது ஆவணம்."

இதில் ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை. இருந்தாலும் முதல் வாக்கியத்தைவிட இது பல மடங்கு வலுவானது என்பது என் உறுதியான கருத்து. மெக்கானிக் அப்படிச் சொன்னார் என்பதை இந்தப் பெண் தாராளமாகச் சத்தியம் செய்யலாம், ஏனென்றால் காதால் கேட்டவர் அவர். மெக்கானிக் சொன்னது சரியா என்பது வேறு கேள்வி. அதை அவர் சத்தியம் செய்யவில்லை, செய்யவும் கூடாது. சீட்டில் அந்தக் கருத்து எழுதப்படவில்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டார். அதை மறைத்திருந்தால் எதிர்தரப்பு அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டி "எங்கள் ஆள் அப்படி எதுவும் எழுதவே இல்லையே" என்று கேட்கும்.

பிறர் சொன்னதை எழுதும்போது மூன்று தகவல்கள் வேண்டும்: சொன்னவர் யார், எப்போது எங்கே சொன்னார், அவர் சொன்ன வார்த்தை என்ன. பெயர் தெரியாவிட்டால் தெரிந்த அடையாளத்தைச் சொல்லுங்கள். "கஸ்டமர் கேரில் பேசிய ஒரு பெண், தன் பெயரைச் சொல்லவில்லை" என்பது முற்றிலும் ஏற்கத்தக்க வரி. கைபேசியில் உள்ள அழைப்புப் பட்டியல் நீங்கள் அழைத்ததை மட்டுமே காட்டும், பேசியதைக் காட்டாது. அதனால் பேசி முடித்த உடனே குறித்து வைத்த குறிப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வழக்குக்கு உதவாத செவிவழிச் செய்தியும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டிலும் இதே மாடல் மெஷின் ஒழுகியதாம், இணையத்திலும் நிறையப் பேர் இப்படி எழுதியிருக்கிறார்களாம். ஆத்திரத்தில் இதையெல்லாம் சேர்க்கத் தோன்றும். உங்கள் மெஷினில் ஏன் விரிசல் வந்தது என்பதை இவை காட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தானே வாக்குமூலம் தரத் தயாராக இல்லாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

உங்களால் சொல்ல முடிந்த எல்லை

விரிசலுக்குக் காரணம் என்ன என்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி, அதை வாங்கியவரின் வாக்குமூலம் மட்டும் நிரூபிக்காது. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பொருளைச் சோதித்துப் பார்க்காமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது என்றால், அதைத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் இந்தியச் சட்டத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. அதனால் மெஷினை விற்றுவிடாமல், வெளியாளை வைத்துப் பிரித்துப் பார்க்காமல் இருந்த நிலையிலேயே வைத்திருங்கள். அப்படி வைத்திருப்பதையும் வாக்குமூலத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள்.

ஆனால் காரணத்தைப் பற்றி அவரால் எதுவுமே சொல்ல முடியாது என்பதும் இல்லை. வெளியிலிருந்து அடிபட்டது என்று கம்பெனி சொல்கிறது. அடிபட வாய்ப்பு இருந்ததா இல்லையா என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். இப்படிப்பட்ட, "நடக்கவில்லை" என்று சொல்லும் செய்திகளை எழுதத்தான் பலரும் மறக்கிறார்கள்:

"12. 17-02-2025 அன்று எதிர்தரப்பினர் அனுப்பிய ஆட்கள் மெஷினைச் சமையலறைக்குப் பக்கத்தில் உள்ள இடத்தில் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு நான் அதை அந்த இடத்திலிருந்து நகர்த்தவில்லை. அது கீழே விழுந்ததையோ, எதுவும் அதன்மேல் மோதியதையோ நான் பார்க்கவில்லை. மெஷினின் வெளிப்பக்கத் தகட்டில் நெளிவோ கீறலோ இல்லை. நான்கு பக்கமும் எடுத்த படங்கள் 9ஆவது ஆவணம்."

"நாங்கள் யாருமே நகர்த்தவில்லை" என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அவர் சத்தியம் செய்ய முடியாது. தான் நகர்த்தவில்லை, தான் பார்க்கவில்லை என்று சொல்லலாம். கணவரும் தன் வாக்குமூலத்தில் அதையே தன் சார்பில் சொல்லட்டும்.

பத்தி எழுதும் முறை

முதல் பத்தியில் நீங்கள் யார் என்பது: பெயர், வயது, முகவரி, இந்த வழக்கில் நீங்கள் புகார்தாரர் என்பது. எந்த வழக்கு என்று தெரியும்படி மேலே ஆணையத்தின் பெயரும், தரப்பினர் பெயர்களும், வழக்கு எண் வந்திருந்தால் அதுவும் இருக்க வேண்டும். தரப்பினர் பெயரை ரசீதில் உள்ளபடி எழுதுங்கள். விற்ற கடையும் தயாரித்த கம்பெனியும் வேறு வேறு என்றால் ஆரம்பத்திலேயே ஒன்றை "கடை" என்றும் மற்றதை "நிறுவனம்" என்றும் குறித்துவிட்டு, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். "எதிர்தரப்பினர்" என்று இரண்டுக்கும் பொதுவாக எழுதிக்கொண்டே போனால், வாரண்டியை மறுத்தது யார் என்று படிக்கிறவருக்குக் குழப்பம் வரும்.

அதற்குப் பிறகு நடந்த வரிசையில், பத்திக்கு எண் போட்டு எழுதுங்கள். ஒரு பத்தியில் ஒரு நிகழ்ச்சி. எண் போடுவது அழகுக்காக இல்லை. எதிர்தரப்பு பதில் எழுதும்போது "9ஆவது பத்தியில் கூறியதை மறுக்கிறோம்" என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒரே பத்தியில் ஐந்து நிகழ்ச்சிகள் இருந்தால், ஒன்றை மறுத்துவிட்டு ஐந்தையும் மறுத்ததுபோல் காட்டிவிடலாம். தனித்தனியாக இருந்தால் எதை ஏற்கிறார்கள், எதை மறுக்கிறார்கள் என்பது தெளிவாக வெளியே வரும்.

எளிமைக்கு இரண்டு இடங்களில் கவனம் வைத்தால் போதும். ஒன்று, செய்தவரை மறைக்கும் வினைகள். "எனக்குத் தெரிவிக்கப்பட்டது", "புகார் பதிவுசெய்யப்பட்டது", "மறுக்கப்பட்டது" என்று எழுதும்போது யார் தெரிவித்தார், யார் பதிவுசெய்தார் என்பது மறைந்துவிடுகிறது. "கடையில் பில் போட்டவர் சொன்னார்", "நான் கஸ்டமர் கேருக்கு அழைத்துச் சொன்னேன்" என்று ஆளை வைத்து எழுதுங்கள். சட்ட மொழி மாதிரி ஒலிக்க வேண்டும் என்று "மேற்படி", "அன்னார்" போன்றவற்றை அள்ளிப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆணையம் கொடுக்கும் படிவத்தில் வழக்கமான தொடக்க வரி இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். மீதி நீங்கள் பேசும் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, அளவு சொல்லாத சொற்கள். "பலமுறை தொடர்பு கொண்டேன்", "நீண்ட நாட்களாக அலைக்கழித்தார்கள்", "உடனடியாகத் தெரிவித்தேன்". பலமுறை என்றால் எத்தனை? அழைப்புப் பட்டியலைப் பார்த்து "02-03-2025, 09-03-2025, 18-03-2025 ஆகிய நாட்களில் அழைத்தேன்" என்று எழுதினால் அலைக்கழிப்பு தானாகத் தெரியும். தேதி சரியாக நினைவில்லை என்றால் ஊகித்து ஒரு தேதி போடாதீர்கள். "மார்ச் இரண்டாவது வாரத்தில், சரியான தேதி நினைவில்லை" என்று எழுதுங்கள். தவறான தேதிக்கு எதிராக ஒரு காகிதம் இருந்தால் அது உங்களைப் பொய் சொன்னவராகக் காட்டும். நினைவில்லை என்று சொன்னதை யாரும் அப்படிக் காட்ட முடியாது.

மன உளைச்சல் பற்றிய பத்தியும் இப்படித்தான். "சொல்லொணாத் துன்பத்துக்கும் மன உளைச்சலுக்கும் ஆளானேன்" என்ற வரி பெரும்பாலான வாக்குமூலங்களில் இருக்கும், படிக்கிறவர் மனதில் அது எதையும் பதிக்காது. மார்ச் 2இலிருந்து பெரும்பாலான நாட்கள் வீட்டுத் துணிகளைக் கையால் துவைக்க வேண்டியிருந்தது, மெக்கானிக் வருவதாகச் சொன்ன இரண்டு நாட்கள் விடுப்பு எடுத்தேன், அதில் ஒரு நாள் யாரும் வரவில்லை, ஒழுகிய தண்ணீரில் அலமாரியின் அடிப்பலகை ஊறிப் போனது என்று நடந்ததை எழுதினால், நஷ்டஈடு எதற்கு என்பது அவர்களுக்கே விளங்கும். விடுப்புக்கும் பலகைக்கும் காகிதமோ படமோ இருந்தால் சேருங்கள். செலவான தொகையை ரசீதில் உள்ளபடி எழுதுங்கள், தோராயமாகக் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கு எதிரான விஷயங்கள்

தங்களுக்குப் பாதகமான செய்தியை விட்டுவிடத்தான் பலருக்கும் மனம் வரும். நம் வழக்கில் மார்ச் 21இல் விரிசலைப் பார்த்த பிறகும் அந்தப் பெண் மெஷினை இரண்டு தடவை ஓட்டியிருக்கிறார், அடியில் ஒரு தட்டு வைத்து. வீட்டில் குழந்தையின் துணிகள் குவிந்துவிட்டன. இதை அவர் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும் என்பதுதான் என் பதில். பழுதான மெஷினைத் தொடர்ந்து ஓட்டியதால்தான் சேதம் பெரிதானது என்று எதிர்தரப்பு சொல்லக்கூடும். சில மெஷின்களில் எத்தனை தடவை ஓடியது என்பது உள்ளேயே பதிவாகியும் இருக்கும். அது பிறகு வெளியே வந்தால், மறைத்தார் என்ற பெயர் வரும். இப்போதே "21-03-2025க்குப் பிறகு 23-03-2025, 25-03-2025 ஆகிய நாட்களில் குழந்தையின் துணிகளுக்காக மெஷினை ஓட்டினேன். 25ஆம் தேதிக்குப் பிறகு ஓட்டவில்லை. விரிசலின் படம் அதற்கு முன்பே, 21ஆம் தேதி எடுத்தது" என்று எழுதினால், விஷயமும் சொல்லப்பட்டுவிட்டது, அது ஏன் வழக்கைப் பாதிக்காது என்பதும் தேதியிலேயே தெரிகிறது. விளக்கம் ஒரு வரிக்கு மேல் போக வேண்டாம். நீண்ட சமாதானம் சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

ஆவணங்களை இணைப்பது

ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அதைக் குறிப்பிடும் பத்தியில் அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஆவணத்தில் இருப்பதை வாக்குமூலத்தில் முழுதாக மறுபடி எழுத வேண்டியதில்லை. கம்பெனியின் மறுப்பு மின்னஞ்சலில் எந்த வரி முக்கியமோ அதை மட்டும் மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்து எழுதுங்கள். உங்கள் சொல்லில் சுருக்கினால் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிடும், அதைப் பிடித்துக்கொண்டு வாதம் வரும்.

செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைக்கிறீர்கள் என்றால் அனுப்பியவர் எண், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். நடுவில் வெட்டாதீர்கள். உங்களுக்குச் சாதகமான ஒரு செய்தியை மட்டும் எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை விட்டுவிட்டால் முழு உரையாடலையும் எதிர்தரப்பு கொண்டு வரும். மூலச் செய்திகள் உள்ள கைபேசியை வழக்கு முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

கடைசிப் பத்தியும் கையெழுத்தும்

எழுதி முடித்ததும் புகார் மனுவையும் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி, பெயர், தொகை மூன்றையும் ஒப்பிடுங்கள். மனுவில் மார்ச் 5 என்றும் இங்கே மார்ச் 6 என்றும் இருந்தால், எது சரி என்று காகிதத்தைப் பார்த்து, தவறாக உள்ளதைத் திருத்துங்கள். இந்த ஒப்பீட்டை வேறொருவரைக் கொண்டு செய்வது நல்லது. எழுதியவர் கண்ணுக்குத் தவறு படாது.

கடைசியில் உறுதிமொழிப் பத்தி வரும். இதில்தான் முன்பு பிரித்த மூன்று வகையும் பயன்படுகிறது. "1 முதல் 5 வரையிலும், 7 முதல் 14 வரையிலும் உள்ள பத்திகளில் கூறியவை என் சொந்த அறிவுக்கு உட்பட்ட உண்மைகள். 6ஆவது பத்தியில் கூறியது என் கணவர் எனக்குச் சொன்னது, அதை உண்மை என்று நம்புகிறேன்" என்று பத்தி எண்ணோடு எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து "என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை" என்று ஒரே வரியில் முடித்தால், எது அறிவு எது நம்பிக்கை என்பது தெரியாமல் போகும்.

யார் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் வழக்கமாக நோட்டரி அல்லது உறுதிமொழி ஆணையர் முன்னிலையில். இங்கிலாந்தில் பல சிவில் வழக்குகளில் சாட்சி அறிக்கையின் கீழே உண்மை என்று உறுதி கூறும் வாசகத்தோடு கையெழுத்திட்டால் போதும். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம், பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வாசகத்தோடு தேதியிட்டுக் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெரும்பாலும் சத்திய வாக்குமூலத்துக்கு இணையாக ஏற்கிறது. உங்கள் புகாரை ஏற்கும் அமைப்பின் அலுவலகத்தில் கேட்டு, அவர்களுடைய படிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டிய இடம் என்றால், வீட்டிலேயே கையெழுத்திட்டுக்கொண்டு போகாதீர்கள். அடையாள அட்டையோடு நேரில் போய், அவர் பார்க்கக் கையெழுத்திடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்து வேண்டும். அடித்துத் திருத்திய இடம் இருந்தால் அதன் பக்கத்திலும் நீங்களும் அலுவலரும் சுருக்கொப்பம் இட வேண்டும், திருத்தம் அதிகமாக இருந்தால் அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்சிடுவதே மேல். நிரப்பாத கோடிட்ட இடம் எங்கும் விடாதீர்கள். வாக்குமூலம் கொடுப்பவருக்கு அந்த மொழி படிக்கத் தெரியாது என்றால், அவருக்குப் புரியும் மொழியில் படித்துச் சொல்லி, அவர் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார் என்ற குறிப்பும் அதில் சேர வேண்டும். வேறொருவர் எழுதித் தந்ததைப் படிக்காமலே கையெழுத்திடுவது நிறைய நடக்கிறது. சத்தியம் செய்கிறவர் நீங்கள் என்பதால் பொய்க்கான தண்டனையும் உங்கள் பெயரில்தான் வரும்.

தாக்கல் செய்த பிறகு ஒரு தேதி தவறு என்று தெரிந்தாலோ, விட்டுப்போன சீட்டு ஒன்று கிடைத்தாலோ, கொடுத்த தாளில் எதையும் மாற்ற முயல வேண்டாம். அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, கூடுதல் வாக்குமூலம் ஒன்று தாக்கல் செய்யுங்கள். அதில் முந்தைய வாக்குமூலத்தின் தேதி, எந்தப் பத்தி, அங்கே என்ன எழுதியிருந்தது, சரியானது என்ன, தவறு எப்படித் தெரிந்தது என்று ஐந்தாறு வரிகள் இருந்தால் போதும். எதிர்தரப்பு சுட்டிக்காட்டும் முன்பே அதைக் கொடுத்துவிடுங்கள், அதன் நகல் அவர்களுக்கும் போக வேண்டும்.